குனிவதற்கு ஹோல்ட், ஓடுவதற்கு டாகிள்: எப்போது சரி, எப்போது தப்பு

கீபோர்டில் ஷூட்டர் கேம் ஆடுகிறீர்கள் என்றால் குனிவதை ஹோல்டிலும் ஓடுவதை டாகிளிலும் வையுங்கள். பதுங்கிப் பதுங்கி நகர வேண்டிய கேம் என்றால் அப்படியே மாற்றிப் போடுங்கள். கன்ட்ரோலரில் ஆடினால் இரண்டும் டாகிள். விரலோ மணிக்கட்டோ வலிக்கிறது என்றால் எந்த கேமாக இருந்தாலும் டாகிள்தான். அவசரமாகப் பதில் தேடி வந்தவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த நான்கு வரியும் பொய்த்துப்போகும் இடங்கள் இருக்கின்றன. அவை எவை, ஏன் என்று தெரிந்துகொண்டால், அடுத்து எந்தப் புது கேம் வந்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஹோல்டில் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குனிந்திருப்பீர்கள், விட்டால் எழுந்துவிடுவீர்கள். டாகிளில் ஒரு தட்டு தட்டினால் குனிவீர்கள், இன்னொரு தட்டு தட்டினால் எழுவீர்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்றை: நீங்கள் இப்போது குனிந்திருக்கிறீர்களா, நிற்கிறீர்களா என்ற தகவலை யார் வைத்திருக்கிறார்கள்?

ஹோல்டில் அதை வைத்திருப்பது உங்கள் விரல். திரையைப் பார்க்காமலே தெரியும்: விரல் அழுந்தியிருக்கிறது என்றால் குனிந்திருக்கிறேன். டாகிளில் அந்தத் தகவல் கேமுக்குள் இருக்கிறது. தட்டிவிட்டு விரலை எடுத்த பிறகு, நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது உங்கள் ஞாபகத்திலோ திரையிலோ இருந்துதான் தெரிய வேண்டும். உங்கள் ஞாபகமும் கேமின் கணக்கும் ஒத்துப்போகும் வரை சிக்கல் இல்லை. ஒருமுறை பிசகினால், அடுத்த ஒவ்வொரு தட்டும் நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிராக வேலை செய்யும்.

ஹோல்டின் விலை வேறு. நிலை நீடிக்கும் நேரமெல்லாம் ஒரு விரல் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலால் வேறெதுவும் செய்ய முடியாது. நேரம் நீள நீள அது களைத்தும் போகும்.

ஆக ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இந்த நிலையில் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் இருப்பேன்? இதிலிருந்து வெளியே வருவது யார் கையில் இருக்கிறது, என் கையிலா, கேமின் கையிலா? குனிவதற்கும் ஓடுவதற்கும் இந்தப் பதில்கள் பெரும்பாலும் வேறு வேறாக வருகின்றன. அதனால்தான் இரண்டையும் ஒரே மாதிரி வைப்பது நல்லதல்ல என்கிறேன். 'நான் டாகிள் ஆள்', 'நான் ஹோல்ட் ஆள்' என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் இரண்டு தனி முடிவுகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஷூட்டரில் குனிவது

கவுன்டர்-ஸ்ட்ரைக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே குனிந்தால் வேகம் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் யாரும் நெடுந்தூரம் போவதில்லை. குனிவது பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகளுக்குத்தான்: சுடும்போது ஒரு கணம் தாழ்ந்து எதிரியின் குறியைத் தவறவைப்பது, பெட்டிக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொள்வது, குதித்த பிறகு காற்றிலேயே குனிந்து காலை மடக்கி உயரமான பெட்டியில் ஏறுவது. ஒவ்வொன்றும் ஒரு நொடிக்கும் குறைவு, அதிகம் போனால் இரண்டு மூன்று நொடி.

இந்த இடத்தில் விரலசைவை எண்ணிப் பாருங்கள். ஹோல்டில் ஒரு அழுத்தல், ஒரு விடுதல், குனிந்து எழுந்தாயிற்று. டாகிளில் அதே வேலைக்கு இரண்டு முழுத் தட்டு வேண்டும்: அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, விட வேண்டும். நிலை மாறுவது இரண்டு முறை. விரல் அசைவது நான்கு முறை. நீண்ட நேரம் குனிந்திருக்கும்போது இந்தக் கூடுதல் அசைவு ஒரு பொருட்டே இல்லை. காற்றிலேயே காலை மடக்கிப் பெட்டியில் ஏறும்போது அது கையைக் கட்டிப்போடும். குதித்து ஏறியதும் எழ மறந்தால் பெட்டியின் மேல் குனிந்தபடியே மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள்.

அதே கேமில் இன்னொரு விதியும் உண்டு. அடுத்தடுத்துக் குனிந்து எழுந்துகொண்டே இருந்தால் குனியும் வேகமே குறைந்துவிடும். அதனால் தேவையில்லாமல் ஒரு முறை கூடுதலாகக் குனிந்தாலும் அதற்கு விலை உண்டு. டாகிளில் கணக்குப் பிசகி, 'எழுவோம்' என்று தட்டிக் குனிந்து, திருத்த மறுபடி தட்டி எழும்போது அந்த விலையைக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே வேகமான ஷூட்டரில் குனிவதற்கு ஹோல்ட் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்ல வேண்டும். ரெயின்போ சிக்ஸ் சீஜ் மாதிரியான கேமில் தடுக்கும் பக்கம் ஆடினால், ஒரு மூலையில் குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, குறிபார்த்தபடி அரை நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். குனிவும் சாய்வும் ஹோல்டில் இருந்தால் இடது கையில் நகர்வதற்குப் போதிய விரல் மிஞ்சாது. அங்கே ஏதாவது ஒன்றையாவது டாகிளுக்குத் தள்ளியாக வேண்டும். நான் என்றால் சாய்வைத் தள்ளுவேன். குனிவைக் கடைசி வரை ஹோல்டிலேயே வைத்துக்கொள்வேன். சாய்ந்திருப்பது திரையிலேயே சரிவாகத் தெரிந்துவிடும், அதனால் ஞாபகம் பிசக வாய்ப்புக் குறைவு. குனிந்திருப்பது அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

ஷூட்டரில் ஓடுவது

ஓடுவதன் குணம் வேறு. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடும்போது பத்து, இருபது நொடிகள் தொடர்ந்து ஓடுகிறீர்கள். ஓட்டத்திலிருந்து வெளியே வருவதற்கு நீங்கள் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை; சுட்டால் ஓட்டம் நிற்கும், குறிபார்த்தால் நிற்கும், குனிந்தால் நிற்கும், முன்னால் போகும் பட்டனை விட்டாலும் பெரும்பாலான கேம்களில் நிற்கும். நிலை தானாகவே முடிந்துவிடுவதால் டாகிளின் பெரிய ஆபத்தான கணக்குப் பிசகல் இங்கே அநேகமாக இல்லை. இப்படித் தானே முடிந்துவிடும் டாகிளைத்தான் நான் பாதுகாப்பான டாகிள் என்பேன். கால் ஆஃப் டியூட்டியில் இருக்கும் ஆட்டோ ஸ்பிரின்ட் இதையும் தாண்டி ஒரு படி போகிறது: முன்னால் நகர்ந்தாலே ஓட்டம்தான், தட்டக்கூட வேண்டாம்.

ஹோல்டில் ஓடுவதில் இன்னொரு வலையும் இருக்கிறது. சில கேம்களில் ஷிஃப்டைப் பிடித்தபடியே சுட்டால், சுடும் வரை ஓட்டம் நிற்கும். சுட்டு முடித்ததும் ஷிஃப்ட் இன்னும் அழுந்தியிருப்பதைப் பார்த்து கேம் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். துப்பாக்கி கீழே இறங்கும். எதிரி இன்னும் சாகவில்லை என்றால், அடுத்த குண்டுக்கு முன் துப்பாக்கி மறுபடி மேலே ஏறி வர வேண்டும். 'நான் சுட்டேன், கேம் எடுத்துக்கொள்ளவில்லை' என்று பலர் சொல்லும் குறையில் ஒரு பங்கு இதுதான். உங்களுக்கும் இது நடக்கிறதா என்று பார்ப்பது சுலபம்: பயிற்சி மைதானத்தில் ஷிஃப்டை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தபடி ஒவ்வொரு குண்டாகச் சுடுங்கள். குண்டுகளுக்கு நடுவே துப்பாக்கி சாய்ந்தால் அந்த கேமில் ஓட்டத்தை டாகிளுக்கு மாற்றுங்கள்.

இதற்கு நேர் எதிரான இடம், ஓட ஓட மூச்சுத் தீரும் கேம்கள். அங்கே மூச்சுப் பட்டை காலியானால் அடுத்த அடியைத் தடுக்கவோ தப்பி உருளவோ முடியாது. ஓட்டத்தைத் துளித் துளியாகச் செலவழிக்க வேண்டும். இரண்டு நொடி ஓடி, ஒரு நொடி நடந்து, மறுபடி ஓட வேண்டும். நிலை குட்டையாகிவிட்டது, வெளியே வருவதும் உங்கள் கையில். அதனால் பதில் ஹோல்ட் என்று மாறிவிடுகிறது.

சுண்டுவிரல் ஒன்று, வேலை இரண்டு

இதுவரை இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தோம். கீபோர்டில் இரண்டும் ஒரே விரலுக்காக அடித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, பல பேர் அதைக் கவனிப்பதில்லை.

இடது கையை W, A, S, D மேல் வைத்தால் நடுவிரல் W-யில், மோதிரவிரல் A-யில், ஆள்காட்டி விரல் D-யில், கட்டைவிரல் ஸ்பேஸ்பாரில். மிச்சம் இருப்பது சுண்டுவிரல் மட்டும். பல கேம்களில் ஓடுவதற்கு இடது ஷிஃப்ட், குனிவதற்கு இடது கன்ட்ரோல் என்றுதான் வைத்துத் தருகிறார்கள். இரண்டும் சுண்டுவிரலின் பொறுப்பு.

இப்போது ஓடிக்கொண்டே குனிந்து சறுக்கும் வசதி உள்ள ஒரு கேமில், இரண்டும் ஹோல்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் ஷிஃப்டைப் பிடித்திருக்கிறது. சறுக்க வேண்டும். கன்ட்ரோலுக்குப் போக ஷிஃப்டை விட வேண்டும். விட்ட கணத்தில் ஓட்டம் முடிந்துவிட்டது. கன்ட்ரோல் அழுந்தும்போது கேம் பார்ப்பது நடந்துகொண்டிருக்கும் ஆளை. அதனால் சறுக்காமல் வெறுமனே குனிந்துவிடுகிறது. சில நேரம் சறுக்கும், சில நேரம் குனியும். ஓட்ட வேகம் முழுவதும் குறைவதற்குள் விரல் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பொறுத்தது அது. ஆடுகிறவருக்கோ கேம் தன்னிஷ்டத்துக்கு நடந்துகொள்வதாகத் தோன்றும்.

இதற்குத் தீர்வு மூன்று விதமாக வரலாம். ஓட்டத்தை டாகிளாக்கிவிட்டால் சுண்டுவிரல் முழு நேரமும் கன்ட்ரோலின் மேலேயே காத்திருக்கலாம். ஓட ஆரம்பிக்க மட்டும் ஷிஃப்டை ஒரு தட்டுத் தட்டித் திரும்பினால் போதும். எனக்குப் பிடித்தது இதுதான். இல்லையென்றால் குனிவை C-க்கு மாற்றலாம். அதைக் கட்டைவிரலை மடக்கி அழுத்தலாம், ஆனால் அந்த நேரம் ஸ்பேஸ்பார் கைவிட்டுப்போகும், குதிக்க முடியாது. ஆள்காட்டி விரலால் அழுத்தினால் D போய்விடும், வலப்பக்கம் நகர முடியாது. மூன்றாவது, குனிவை மவுஸின் பக்கவாட்டு பட்டனுக்கு அனுப்புவது. நல்ல வழிதான், ஆனால் ஹோல்டில் வைத்தால் வலது கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடியே குறிபார்க்க வேண்டும். மவுஸை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்குக் குறி ஆடும். அவர் பக்கவாட்டு பட்டனை டாகிளாக வைத்துக்கொள்வதே மேல்.

ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். குனிவதற்கு ஹோல்ட் ஒரு தனி வரி, டாகிள் இன்னொரு தனி வரி. இரண்டுக்கும் வேறு வேறு பட்டன் கொடுத்து ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சறுக்குவதற்கும் சண்டைக்கும் ஹோல்ட் பட்டன், ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து காயத்துக்கு மருந்து போடும்போது டாகிள் பட்டன். நீங்கள் ஆடும் கேமில் இப்படி இரண்டு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் இந்த விவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே கேமில் இரண்டு பதில்: மைன்கிராஃப்ட்

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் 2019 இறுதியில் வந்த 1.15 முதல் குனிவதற்கும் ஓடுவதற்கும் தனித்தனியாக ஹோல்ட், டாகிள் தேர்வு இருக்கிறது. செட்டிங்ஸிலேயே மாற்றலாம். கேமை மூடிவிட்டு `options.txt` கோப்பிலும் மாற்றலாம். இந்த இரண்டு வரிகள்தான்:

```
toggleCrouch:true
toggleSprint:false
```

அங்கே ஷிஃப்டை அழுத்திக் குனிவது என்பது பல வேலைகளை ஒன்றாகச் சுமக்கும் செயல். குனிந்திருந்தால் கட்டையின் விளிம்பிலிருந்து விழ மாட்டீர்கள். வேகம் நொடிக்குச் சுமார் 4.3 மீட்டரிலிருந்து 1.3 மீட்டராகக் குறையும். காலடி அதிர்வு ஸ்கல்க் சென்சாருக்குக் கேட்காது. கையில் ஏதாவது வைத்துக்கொண்டு பெட்டியை ரைட் கிளிக் செய்தால் பெட்டி திறக்காது.

இதில் ஏன்ஷியன்ட் சிட்டிக்குள் போகும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அங்கே சத்தம் போட்டால் வார்டன் எழுந்துவரும். அதனால் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும் வரை கிட்டத்தட்ட முழு நேரமும் குனிந்தே நடக்க வேண்டும். ஹோல்டில் அரை மணி நேரம் ஷிஃப்டைப் பிடித்திருப்பது கைக்கு வதை; நடுவில் விரல் ஒரு கணம் தளர்ந்தால் நிமிர்ந்த காலடி ஒன்று சென்சாரில் விழும். இதற்கு டாகிள்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உள்ளே போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்ததும் டாகிளின் பலவீனம் வெளியே வருகிறது. கையில் வாளுடன் ரைட் கிளிக் செய்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. குனிந்திருப்பதால் பெட்டி திறக்கவில்லை. ஷிஃப்டைத் தட்டி எழுந்து திறக்கிறீர்கள், பொருட்களை எடுக்கிறீர்கள், மூடுகிறீர்கள், திரும்பி நடக்கிறீர்கள். மறுபடி குனியத் தட்டினீர்களா? மறந்திருந்தால் முதல் அடியே சத்தம். ஹோல்டில் ஆடுகிறவருக்கு இந்த இடத்தில் விரல் ஞாபகப்படுத்திவிடும். டாகிளில் ஆடுகிறவருக்கு ஞாபகப்படுத்த யாருமில்லை. இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது: இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டால் குனிந்தபடியே பெட்டியைத் திறக்கலாம். எழவே வேண்டாம், அதனால் மறக்கவும் ஏதுமில்லை. பெட்டி திறக்கும் அதிர்வு மட்டும் குனிந்தாலும் கேட்கும் என்பதை மனதில் வையுங்கள்.

அதே ஆள் மறுநாள் வெட்டவெளியில் வேகமாகப் பாலம் போடுகிறார். பின்னோக்கி நடந்தபடி விளிம்பு வந்ததும் குனிந்து, கட்டை வைத்து, ஒரு கணம் நிமிர்ந்து நகர்ந்து, மறுபடி குனிய வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுற்று. ஹோல்டில் ஷிஃப்டை ஒரு கணம் விட்டு மறுபடி பிடித்தால் ஒரு சுற்று முடிந்தது. டாகிளில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தட்டு. நாற்பது கட்டைப் பாலத்தில் எண்பது தட்டு. அதில் ஒன்றைக் கேம் எடுத்துக்கொள்ளாமல் விட்டாலும், குனிய வேண்டிய இடத்தில் நிமிர்ந்து கீழே விழுவீர்கள். ஒரே கேம், ஒரே பட்டன், ஒரே ஆள். வேலை மாறியதும் பதில் மாறுகிறது. அன்று என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்து மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

ஓட்டத்தைப் பொறுத்தவரை மைன்கிராஃப்டின் டாகிள் நான் மேலே சொன்ன பாதுகாப்பான வகை அல்ல. நின்றாலும் அது அணைவதில்லை. மறுபடி முன்னால் நகர்ந்தால் மறுபடி ஓட்டம்தான். ஓடினால் பசி ஏறும், நடந்தால் ஏறாது. பசிப் பட்டையில் மூன்று துண்டுக்கு வந்துவிட்டால் ஓடவே முடியாது. ஊருக்குள் வீட்டைச் சுற்றிச் சின்ன வேலை பார்க்கும்போதும் டாகிள் போட்டதை மறந்து ஓடிக்கொண்டே இருந்தால், தப்பி ஓட வேண்டிய நேரத்தில் பட்டை காலியாக இருக்கும். நீண்ட பயணம் போகிறவருக்கு டாகிள் வசதி. மற்றபடி ஹோல்ட் போதும்.

கன்ட்ரோலரில்

இங்கே விரல்களின் நிலவரமே வேறு என்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். ஓடுவதற்குப் பெரும்பாலும் இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்தும் எல்3 பட்டன். ஸ்டிக்கை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே அதே ஸ்டிக்கால் திசை திருப்புவது கட்டைவிரலுக்குச் சிரமம், திருப்பமும் துல்லியமாக வராது. அதனால் எல்3-யில் ஓட்டம் என்றால் டாகிள்தான்.

குனிவு வலப்பக்க முக பட்டன்களில் இருந்தால் ஹோல்டுக்கு இன்னொரு விலை: வலது கட்டைவிரல் அந்த பட்டனில் இருக்கும் வரை கேமராவைத் திருப்ப முடியாது. எல்டன் ரிங்கில் ஓடுவதற்கு வட்ட பட்டனை, எக்ஸ்பாக்ஸில் என்றால் B-யை, பிடித்தே இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆள்காட்டி விரலை வளைத்து மேலிருந்து பட்டனை அழுத்தும் பிடிக்கு ஆடுகிறவர்கள் போய்விடுகிறார்கள். அதே பட்டன்தான் தட்டினால் உருள்வதற்கும். பிடிக்கப்போகிறீர்களா தட்டப்போகிறீர்களா என்று கேமுக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் பட்டனை விடும்போதுதான் உருள்கிறது. ஒரே பட்டனில் தட்டுக்கு ஒன்று, பிடிப்புக்கு ஒன்று என்று வைத்தால் எங்கேயும் இந்தத் தாமதத்துக்கு இடமுண்டு. குனிவதும் படுப்பதும் ஒரே பட்டனில் இருக்கும் ஷூட்டர்களில், சற்றே நீண்டு அழுத்திவிட்டால் குனிய நினைத்தவர் தரையில் படுத்துவிடுவதும் இதனால்தான். படுப்பதற்கு வேறு பட்டன் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

கை வலிக்கும்போது

சுண்டுவிரலின் அடியிலோ மணிக்கட்டின் வெளிப்பக்கத்திலோ வலி தொடங்கினால், மேலே சொன்ன கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டையும் டாகிளுக்கு மாற்றுங்கள். சற்று மெதுவாக ஆடலாம். நாளைக்கும் ஆட வேண்டும் அல்லவா. நீண்ட நேரம் பட்டனைப் பிடித்தே இருக்கும்படி செய்யாமல் மாற்று வழி கொடுங்கள் என்பது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அணுகல் வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஓடுதல், குறிபார்த்தல், வில்லை இழுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேர்வைத் தனித்தனியே கொடுத்தது. டாகிளை ஆட்டம் தெரியாதவர்களுக்கான சலுகை என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்: அந்த வசதி இல்லாவிட்டால் சிலரால் அந்த கேமை ஆடவே முடியாது.

டாகிளுக்கு மாறியதும் விண்டோஸில் ஒரு தொல்லை வரலாம். ஷிஃப்டை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி குதித்து வந்து கேமை மறைத்துவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு, அங்கே ஸ்டிக்கி கீஸின் குறுக்குவழியை மட்டும் அணைத்துவிட்டால் தீர்ந்தது. ஹோல்டில் ஆடுகிறவர்களுக்கும் ஒன்று: ப்ரௌசரில் ஓடும் கேமில் கன்ட்ரோலைப் பிடித்துக் குனிந்தபடி W-யை அழுத்தினால் டேப் மூடிவிடும். அங்கே குனிவை C-க்கோ வேறெங்காவதோ மாற்றாமல் ஆடவே கூடாது.

கேம் தேர்வே தராவிட்டால்

ஸ்டீமில் கன்ட்ரோலருடன் ஆடுகிறீர்கள் என்றால் ஸ்டீம் இன்புட் கைகொடுக்கும். கேமில் ஹோல்ட் மட்டுமே இருந்தால், அந்த பட்டனின் அமைப்பில் டாகிள் என்பதை இயக்கிவிடலாம். ஒரு தட்டுக்கு ஸ்டீமே பட்டனைப் பிடித்துக்கொள்ளும், மறு தட்டுக்கு விட்டுவிடும். கேமில் டாகிள் மட்டுமே இருந்து உங்களுக்கு ஹோல்ட் வேண்டும் என்றால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்: ஒரே பட்டனுக்கு, அழுத்தும்போது ஒரு முறையும் விடும்போது ஒரு முறையும் அதே கட்டளையை அனுப்பச் சொல்ல வேண்டும். அழுத்தினால் ஒரு தட்டு, விட்டால் இன்னொரு தட்டு. கேமுக்கு டாகிள், உங்களுக்கு ஹோல்ட்.

இந்த இரண்டாவது தந்திரத்தில் ஒரு குறை உண்டு. இரண்டு தட்டில் ஒன்றைக் கேம் ஏற்கவில்லை என்றால், உதாரணமாக ஏணியில் ஏறும்போது குனிய மறுத்தால், அதன் பிறகு எல்லாம் தலைகீழ்: அழுத்தினால் எழுவீர்கள், விட்டால் குனிவீர்கள். இப்படி ஆனதும் பட்டனை விட்ட நிலையிலும் குனிந்தே இருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். குனிவதற்கான இன்னொரு பட்டனை ஒரு முறை தட்டிச் சரிசெய்யலாம். அதனால் அப்படியொரு பட்டனை விட்டுவையுங்கள். கீபோர்டுக்கு இதேபோல் செய்யும் ஸ்கிரிப்டுகள் உண்டு என்றாலும், ஆன்லைன் போட்டிகளில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அவற்றை எப்படிப் பார்க்கும் என்பது கேமுக்குக் கேம் வேறுபடும். தனியாக ஆடும் கேமுக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

புது கேமில் டாகிளை நம்புவதற்கு முன் அது எப்படிப்பட்ட டாகிள் என்று பார்த்துவிடுங்கள். தாழ்ந்த கூரையுள்ள இடத்துக்குள் குனிந்து போய், உள்ளேயே எழுவதற்கான பட்டனைத் தட்டுங்கள். எழ இடமில்லை என்பதால் எதுவும் நடக்காது. பிறகு அப்படியே வெளியே வாருங்கள். தானாக எழுந்துவிட்டால் கேம் உங்கள் தட்டை ஞாபகம் வைத்திருக்கிறது என்று பொருள். குனிந்தே இருந்தால் தட்டு வீணாகிவிட்டது. இந்த கேமில் டாகிள் உங்கள் கணக்கைப் பிசகவைக்கும். ஹோல்டில் இந்தக் குழப்பம் அநேகமாக வராது, ஏனென்றால் வெளியே வந்ததும் கேம் பார்ப்பது விரல் அழுந்தியிருக்கிறதா என்பதை மட்டும்தான்.

அடுத்து, குனிந்த நிலையில் ஓடத் தட்டுங்கள், குதியுங்கள், ஏணியில் ஏறி இறங்குங்கள், செத்து மறுபடி பிறந்து வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிற்கிறீர்களா, குனிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓடத் தட்டினாலே எழுந்து ஓடும் கேமில் குனிவை டாகிளில் வைப்பது கொஞ்சம் பாதுகாப்பு; அவசரத்தில் எப்படியும் ஓடத்தான் போகிறீர்கள்.

அதன் பிறகு சில ஆட்டங்கள் ஆடி, நடந்த தவறு எந்த வகை என்பதை மட்டும் கவனியுங்கள். 'நிற்கிறேன் என்று நினைத்தேன், குனிந்திருந்தேன்' என்ற வகைத் தவறு அடிக்கடி வந்தால் அந்தச் செயலை ஹோல்டுக்கு மாற்றுங்கள். 'விரல் நழுவிவிட்டது', 'விரல் காலியாக இல்லை, அதனால் குண்டு போட முடியவில்லை' என்ற வகை வந்தால் டாகிளுக்கு மாற்றுங்கள். இரண்டு வரியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று பிறகு தெரியாது. குனிவை முதலில் மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் அதில்தான் கணக்குப் பிசகுவதற்கு இடம் அதிகம். ஓட்டத்தை அதற்குப் பிறகு தொட்டால் போதும்.